மூக்கடைத்த குட்டிக்குப் பசி

கேள்வி: என் ஆறு வாரக் குழந்தைக்கு மூக்கடைப்பு. இரண்டு வாய் பால் குடித்ததும் மார்பை விட்டுவிட்டு அழுகிறான். பால் பிடிக்கவில்லையா?

பதில்: பால் பிடிக்கிறது அம்மா, மூச்சுதான் பிடிக்க முடியவில்லை! இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிப்பார்கள். வாய் பாலுக்கு, மூக்கு காற்றுக்கு. ஒரு வாசல் அடைத்தால் இரண்டு வேலையும் நின்றுவிடும்.

பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு நாசியிலும் ஓரிரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், சளி இளகும். பிறகு ரப்பர் பல்பை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு, நுனியை நாசி வாசலில் மட்டும் வைத்து, மெல்ல விடுங்கள். சளி வந்துவிடும். பால் குடித்த பிறகு உறிஞ்சினால் வாந்தி வரலாம். நாளுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கு வீங்கி அடைப்பு கூடும். எண்ணெய் விடவே கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். பெரியவர்களின் மூக்குச் சொட்டு மருந்தும் வேண்டாம்.

சட்டையைக் கழற்றி, அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60-ஐத் தொட்டாலோ, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, மூக்கு விடைத்தாலோ, முனகினாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு இடையில் நின்றாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டாலும், காய்ச்சல் 100.4 டிகிரி ஆனாலும் அப்படியே. அப்போது உப்புநீர் பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும், குழந்தை மட்டும் கிளம்பட்டும்.