தரவுப் பகுப்பாய்வாளர் விண்ணப்பக் கடிதத்தில் காகிதப் பறவையின் இடம்

தரவுப் பகுப்பாய்வாளர் வேலை கேட்டுச் சில்லறை விற்பனை நிறுவனத்துக்கு எழுதப்படும் கடிதம் மூன்று பத்திகள் உடையது. முதற்பத்தி ஆர்வம் கூறும். கடைசிப் பத்தி, நேர்காணலுக்கு எந்த நாளும் வரத் தடையில்லை என்று கூறும். இவ்விரண்டும் எல்லாக் கடிதங்களிலும் ஒன்றே ஆதலால் ஆராய ஏதுமில்லை. இடைப்பத்தியில்தான் விண்ணப்பதாரர் தாம் செய்த ஒரு சிறு வேலையையும் அதில் கண்டதையும் சொல்கிறார். கடிதத்தின் உயிர் இருப்பதும் போவதும் அங்கேதான்.

விண்ணப்பதாரருக்குச் சொந்தமாகக் கடை கிடையாது. ஆகவே ஊரார் கடைக் கணக்கை எடுத்துக்கொள்வது மரபு. இதற்கென்றே பொதுவில் கிடக்கும் கோப்பு ஒன்று உண்டு: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் வைத்திருக்கும் Online Retail. பிரிட்டனில் பரிசுப்பொருள் விற்ற ஓர் இணையக் கடையின் 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரையிலான விற்பனை, 5,41,909 வரிகளில் அதில் இருக்கிறது. ரத்தான விற்பனையின் பில் எண் C என்ற எழுத்தில் தொடங்கும். அதன் எண்ணிக்கை கழித்தல் குறியோடு நிற்கும்.

“அதிகம் விற்ற பொருள் எது?” என்பதே இடைப்பத்தியின் கேள்வி. விடை காணுமுன் தரவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று விண்ணப்பதாரர் படித்திருக்கிறார். ரத்து என்றால் அழுக்கு, அழுக்கென்றால் நீக்கு. ஒரே வரியில் காரியம் முடிகிறது:

```python
df = df[~df["InvoiceNo"].astype(str).str.startswith("C")]
```

பிறகு பொருள்வாரியாகக் கூட்டினால் முதலிடத்தில் வருவது `PAPER CRAFT , LITTLE BIRDIE`. காகிதத்தில் செய்த சின்னப் பறவை, 80,995 விற்றிருக்கிறது. இரண்டாம் இடம் பீங்கான் மூடி போட்ட ஒரு சாடிக்கு. “பறவை வடிவப் பொருள்களுக்கு வாடிக்கையாளரிடையே பெரும் வரவேற்பு இருப்பது தெரியவருகிறது” என்று எழுதிக் கடிதத்தை அனுப்பியவர்கள் உண்டு. அவர்கள் மேல் தப்பில்லை. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.

பறவையின் வரலாற்றை இனி நோக்குக. 2011 டிசம்பர் 9 காலை 9:15 மணிக்கு ஒரே வாடிக்கையாளர், ஒன்று 2.08 பவுண்டு வீதம், 80,995 பறவைகளுக்கு ஆர்டர் கொடுக்கிறார். தொகை 1,68,469 பவுண்டுக்கு மேல். காலை 9:27-க்கு அத்தனையும் ரத்தாகின்றன. சாடியின் கதையும் அதுவே: ஜனவரி 18 அன்று 10:01-க்கு 74,215 சாடிகள், 10:17-க்கு அவையும் ரத்து. பன்னிரண்டு நிமிடமும் பதினாறு நிமிடமும் மட்டுமே வாழ்ந்த இரண்டு விற்பனைகள் ஆண்டுப் பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. C வரியை நீக்கியபோது போனது ரத்து மட்டுமே. ரத்தான விற்பனை அப்படியே இருக்கிறது. கடன் நோட்டில் திருப்பிக் கொடுத்த வரியை மட்டும் கிழித்தால் கடன் தீராது என்பது எந்த மளிகைக்கடைக்காரருக்கும் தெரியும்.

கடிதத்துக்குரிய கண்டுபிடிப்பு இதுதான். C வரிகளை நீக்காமல் கழித்தல் குறியோடு சேர்த்துக் கூட்டினால் பறவை பூஜ்யமாகிறது, சாடி பட்டியலில் எங்கோ கீழே இறங்குகிறது, மூன்றாவதாக நின்ற `WORLD WAR 2 GLIDERS ASSTD DESIGNS` என்ற பொம்மை விமானம் 53,847 எண்ணிக்கையுடன் முதலிடம் பெறுகிறது. அடுத்த பருவத்துக்குக் கொள்முதல் செய்யும் மேலாளருக்கு இந்த வேறுபாடு ஒரு கிடங்கு நிறையக் காகிதம்.

இதற்குப் புறனடைகள் உண்டு. நல்ல கடிதம் அவற்றை மறைக்காது. எந்த பில் ரத்தானது என்று C வரி சொல்வதில்லை. வாடிக்கையாளர் எண், பொருள் எண், விலை, அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு ஜோடி சேர்க்க வேண்டும். விற்பனை முந்தியதாகவும் ரத்து பிந்தியதாகவும் இருக்க வேண்டும். பத்து வாங்கி மூன்றைத் திருப்பினால் அளவு பொருந்தாது. நான்கில் ஒரு பங்கு வரிகளில் வாடிக்கையாளர் எண்ணே இல்லை. 2010 நவம்பரில் வாங்கி டிசம்பரில் திருப்பியதற்குக் கோப்பில் ஜோடியே கிடைக்காது. C இல்லாமலே கழித்தல் குறியோடு நிற்கும் வரிகளும் இருக்கின்றன. அவற்றில் பல உடைந்ததும் தொலைந்ததுமான சரக்கைக் கணக்கில் கழித்தவை. வாடிக்கையாளர் திருப்பியவை அல்ல.

இத்தனையையும் இடைப்பத்தியில் திணித்தால் யாரும் படிக்கமாட்டார்கள். முதலிடப் பொருளை யாரும் வாங்கவில்லை என்பது ஒரு வாக்கியம். எப்படித் தெரிந்தது என்பது இரண்டு. எது இன்னும் ஜோடி சேரவில்லை என்பது ஒன்று. நான்கு வாக்கியம் போதும். வரைபடம் வேண்டியதில்லை.

காகிதப் பறவைக்கு அந்தக் கோப்பில் மொத்தம் இரண்டே வரிகள்: வந்தது ஒன்று, போனது ஒன்று.