மாப்பிள்ளைக்கு எத்தனை விரல்?

முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் இன்னும் தைத்து வரவில்லை. கல்யாண டீசர் வந்துவிட்டது. பட்டுப் புடவை, பூமாலை, கோத்த கைகளின் நிதானமான குளோசப் என்று பிராம்ப்ட் கொடுத்தால் போதும், ஏஐ சில விநாடி வீடியோவை நீட்டிவிடும்.

'இந்தியத் திருமணம்' என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலும் வடக்கத்திச் சிவப்பு லெஹங்காதான் வரும். காஞ்சிப் பட்டு, அரக்கு உடல், பச்சைக் கரை, இடது தோளில் முந்தானை என்று ஜவுளிக்கடையில் சொல்வதுபோல் விளக்க வேண்டும். அப்போதும் கேமரா நகர நகரக் கரையிலுள்ள மயில் அன்னமாகி, மாங்காயாகி விடும். எந்தத் தறியிலும் நடக்காத அற்புதம்.

பெரிய கண்டம் கைகளில்தான். கோத்த விரல்கள் ஒன்றையொன்று மறைப்பதால், எது யாருடையது என்பதில் இயந்திரத்துக்குக் குழப்பம். வேகமாகக் கடந்தால் தப்பிக்கலாம். நாமோ எண்ணிப் பார்க்க வசதியாக நிதானமான குளோசப் கேட்டுத் தொலைக்கிறோம்.

பாணிக்கிரகணத்தில் மாப்பிள்ளை வலது கையால் பெண்ணின் வலது கையைப் பிடிப்பார். கடற்கரைக் காதலர்போல் விரல்களைப் பின்னுவதில்லை. அப்படியே எழுதி, நிஜக் கைகளின் புகைப்படத்தை முதல் ஃபிரேமாகக் கொடுத்து, கைகளை அசையவிடாமல் கேமராவை மட்டும் நகர்த்தினால் ஓரளவு தேறும். பிசகும் இடத்துக்கு முன்பே வெட்டிவிடலாம்.

வெட்டாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பெரியப்பா கேட்பார்: "மாப்பிள்ளைக்கு ஆறு விரல்னு தரகர் சொல்லவே இல்லையே?"