பச்சைப் பெயர், கறுப்புப் பங்கு

கே: 'ஈ.எஸ்.ஜி. ஃபண்ட்' என்று பெயர். உள்ளே எண்ணெய் கம்பெனிப் பங்கு! மோசடிதானே?

ப: அவசரப்படாதீர்கள், முழுப் பெயரைப் படித்தீர்களா? 2023-இல் செபி ஆறு வகை வகுத்து, எந்த வகை என்பதைப் பெயரிலேயே சொல்லச் சொன்னது. 'எக்ஸ்க்ளூஷன்' என்றால் சில தொழில்களை அறவே விலக்குவது. 'பெஸ்ட் இன் கிளாஸ்' என்றால் ஒவ்வொரு தொழிலிலும் முதல் மாணவனைச் சேர்ப்பது. எண்ணெய் வகுப்பிலும் ஒருவன் முதலாவதாக வருவானே! இது மோசடியில்லை, நமக்குப் பிடிக்காத கொள்கை. 80% சொத்துதானே கொள்கைப்படி, மீதியில் எதையும் வாங்கலாமே என்பீர்கள். அதுவும் கொள்கைக்கு நேர்முரணாக இருக்கக் கூடாது. எதை விலக்குவார்கள் என்பது திட்ட ஆவணத்தில் இருக்கும். அதை ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பங்குப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விலக்கியதாகச் சொன்னது அங்கே இருந்தால், இதே கேள்வியைச் செபிக்கு அனுப்புங்கள்.