ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விண்ணப்பம்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் கற்பிக்கப்படும் விடுப்புக் கடிதம், அலுவல் கடிதம் எனப்படும் வகையைச் சார்ந்தது. அதாவது, எழுதுபவருக்கும் பெறுபவருக்கும் இடையே பாசம் ஏதும் கிடையாது என்பதை அமைப்பினாலேயே மெய்ப்பிக்கும் கடிதம். காலையில் வாசலில் வணக்கம் சொல்லிச் சென்ற அதே தலைமையாசிரியருக்கு, '86500 பெக்கோக், ஜொகூர்' என்று அஞ்சல் குறியீட்டெண்ணுடன் தன் முகவரியைத் தெரிவித்து, அதன்கீழ் ஒரு நீண்ட கோடு கிழித்து, பெறுநர் முகவரி, தேதி, விளிப்பு, அடிக்கோடிட்ட தலைப்பு ஆகியவற்றைக் கடந்த பின்னரே மாணவர் விடுப்பு என்ற சொல்லை நெருங்க முடியும். முதற்பத்திக்கு எண் இடலாகாது. இரண்டாம் பத்திக்கு '2' என்று இட வேண்டும். 1 எங்கே போயிற்று என்று கேட்பது மரபன்று.

இத்தகைய கடிதங்களில் இரண்டே காரணங்கள் செல்வாக்குப் பெற்றவை. ஒன்று கடுங்காய்ச்சல், அதனால் எழுந்திருக்க இயலாத பிள்ளையின் கையெழுத்து வரி பிசகாமல் அமைந்திருக்கும். மற்றொன்று அக்காளின் திருமணம். இந்த இரண்டாம் காரணத்தில்தான் பெக்கோக் மாணவருக்குத் தனித்ததொரு சங்கடம் நேர்ந்தது. ஜொகூர் மாநிலம் 2014 ஜனவரி முதல் 2024 இறுதி வரை வெள்ளி, சனிக்கிழமைகளையே வார விடுமுறையாகக் கொண்டிருந்தது. ஆகவே, மாதிரிக் கடிதத்தைச் சனி, ஞாயிறு விடுமுறையுள்ள கோலாலம்பூர் வழக்கப்படி எழுதினால் அது பெக்கோக்கிற்குப் பொருந்தாது.

சான்றாக, 2019 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை ஒரு திருமணம் என்று கொள்வோம். மாதிரியின்படி 5ஆம் தேதி வெள்ளிக்கும் 8ஆம் தேதி திங்களுக்கும் விடுப்புக் கேட்க வேண்டும். இதை அப்படியே பெயர்த்தெழுதும் மாணவர், பள்ளியே இல்லாத வெள்ளிக்கிழமைக்குப் பணிவுடன் அனுமதி வேண்டுகிறார். முகூர்த்த நாளான ஞாயிறன்று பள்ளி மணி அடிக்கும் என்பதைப் பற்றி மூச்சும் விடவில்லை. கடிதத்தைச் சட்டப்படி படித்தால், அக்காள் மணவறையில் அமரும் வேளையில் தம்பி வகுப்பில் அமர்ந்திருக்கக் கடமைப்பட்டவன். ஆயினும் முகவரி, கோடு, 'இக்கண்' என்னும் முடிப்பு, அதன்கீழ்க் கையொப்பம், அடைப்புக்குறிக்குள் பெயர் ஆகிய யாவும் இடம்பிசகாது இருப்பின் அமைப்புக்குரிய புள்ளிகள் குறைவதற்கு வழியில்லை. திருத்துபவர் நாள்காட்டியைப் புரட்டுவதில்லை. மாறாக, ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்புக் கேட்டுச் சரியாக எழுதிய பிள்ளைதான், வெளிமாநிலத்தவர் கண்ணுக்குக் கிழமை அறியாதவராகத் தோன்றுவார்.

மெய்யான திருமணங்களுக்கு இவ்வடிவம் பயன்பட்டதாகக் கொள்வதற்கில்லை. 'டீச்சர், நாளைக்கு வீட்டுல கல்யாணம், பிள்ள வரமாட்டான்' என்று வாட்ஸ்அப்பில் தாயார் அனுப்பும் ஒற்றை வரியில் விளிப்பு, காரணம், தேதி மூன்றும் அடங்கிவிடுகின்றன. காய்ச்சலுக்கோ கிளினிக் தரும் எம்.சி. எனப்படும் மருத்துவச் சான்றே போதுமானது.

2025 ஜனவரி முதல் ஜொகூர் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியிருப்பதால், பெக்கோக் மாணவர்கள் இனி மாதிரிக் கடிதத்தை அச்சமின்றிப் பார்த்தெழுதலாம். ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்துக்குத்தான் இப்போது கடிதமே தேவைப்படுவதில்லை.