கடைசி விலை என்ன, அண்ணா?

பொறியியல் படிப்பவன் கையில் இருக்கும் பாடப்புத்தகத்துக்கு, பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் உச்ச விலை. மறுநாள் மதியம் பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அதை ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இந்தச் சின்ன உண்மைகூடத் தெரியாமல்தான் 2022 கோடை விடுமுறையில், ஆறாவது செமஸ்டர் முடிந்த கையோடு நான் வியாபாரத்தில் குதித்தேன். என் கட்டிலுக்கு அடியில் கிடந்த மெக்கானிக்கல் புத்தகங்களைப் போட்டோ எடுத்து, பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் ஏற்றினேன். அதே வாரம் அதே பரீட்சையை எழுதிய எல்லோரும் அதே புத்தகங்களை ஏற்றியிருந்தார்கள். வாங்க வேண்டிய ஜூனியர்களோ ஊருக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

விலை வைப்பதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. அட்டையில் போட்டிருக்கும் விலையில் மூன்றில் இரண்டு பங்கு. மெஷின் டிசைன் புத்தகம் ஒன்றில் 900 என்று அச்சிட்டிருந்தது. நான் 600 போட்டேன். முந்நூறு ரூபாயை விட்டுக்கொடுத்த தாராளப் பிரபு நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் வந்த பையன் ஒரே வரியில் என்னை முடித்துவிட்டான். “அண்ணா, புதுசே 640-க்கு வருதே?”

போய்ப் பார்த்தால், வருகிறது. அட்டை விலைக்கு யாரும் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. நானே தள்ளுபடியில்தான் வாங்கியிருந்தேன், வசதியாக மறந்துபோயிருந்தேன். புத்தகத்தின் எடை ஒன்றேகால் கிலோ. கூரியருக்கும் அட்டைப்பெட்டிக்குமாக 110 ரூபாய் ஆகும் என்பதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, என் கோடுபோட்ட, மூலை மடங்கிய புத்தகத்தை வாங்க அந்தப் பையன் 710 ரூபாய் தர வேண்டும். புதுசு 640. எழுபது ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு பழசை விற்கப் பார்த்த முதல் வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.

பிறகு மெல்லப் புரிந்தது. பழைய புத்தகத்துக்கு மேலே ஒரு கூரை உண்டு, அது புதுசின் தள்ளுபடி விலை. கீழே ஒரு தரை உண்டு, அது எடைக்கடைக்காரர் கிலோவுக்குத் தரும் பத்துப் பன்னிரண்டு ரூபாய். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைப் புத்தகத்தின் நிலையும் மாதமும்தான் தீர்மானிக்கின்றன. அந்த டிசைன் புத்தகத்தை ஆகஸ்டில், வகுப்பு தொடங்கி ஆசிரியர் புத்தகப் பேரைச் சொன்ன பிறகு, தபால் செலவு என்னுடையது என்று சொல்லி 400-க்கு விற்றேன். அதற்குள் தபால்காரர் புண்ணியத்தில் ரெஜிஸ்டர்டு புக் போஸ்ட் என்று ஒன்று இருப்பது தெரிந்திருந்தது. கூரியரில் ஆகிற செலவில் பாதிகூட வராது. 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். என்னைப் போன்ற கட்டிலடி வியாபாரிகளுக்கு அது பெரிய அடி.

விலையில் செய்தது முட்டாள்தனம். விளம்பரத்தில் எழுதியதற்கு வேறு பேர் வைக்க வேண்டும். பேனாவால் கோடு போட்ட பக்கங்களை ‘முக்கியக் கேள்விகள் குறிக்கப்பட்டவை’ என்று எழுதினேன். முதுகு பிளந்த புத்தகத்தை முன்பக்கத்திலிருந்து மட்டும் படம் எடுத்தேன். லோக்கல் ஆத்தர் புத்தகம் ஒன்றின் அட்டை மூலையில் ‘ரெகுலேஷன் 2017’ என்று இருந்தது. 2021-இல் சேர்ந்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் ரெகுலேஷனை மாற்றிவிட்டது. அவர்களுக்குப் பாடத்திட்டமே வேறு. அந்த மூலை மட்டும் படத்தில் விழாதபடி ஒதுக்கிவிட்டேன். பொய் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே விட்டேன் என்று சமாதானம் வேறு.

இதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டது டேட்டா புக்கில்.

மெக்கானிக்கல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷாஃப்ட், ஸ்பிரிங், பேரிங் எதை வடிவமைக்கவும் அட்டவணைகளும் சூத்திரங்களும் தேவை. அவற்றை மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைத் தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதி உண்டு. ஆனால் அதில் கையால் எழுதிய ஓர் எழுத்து இருக்கக் கூடாது. இருந்தால் அது பிட்டு. என் புத்தகத்தில் ஓர் எழுத்து இல்லை, ஒரு குடும்பமே குடியிருந்தது. ஷாஃப்ட் கணக்கின் படிகளை ஓரத்தில் பென்சிலால், எறும்பு ஊர்வதுபோல, எழுதிவைத்திருந்தேன். என் பரீட்சையன்று ஹால் சூப்பர்வைசர் புரட்டிப் பார்க்காததால் தப்பித்தேன். அதே புத்தகத்தை ‘சுத்தமாக உள்ளது’ என்று போட்டு 300-க்கு விற்றேன்.

வாங்கியவர் வேறு மாவட்டத்துக் கல்லூரி மாணவி. நவம்பர் மாதம், பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அண்ணா, எந்தெந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்கன்னு சொன்னீங்கன்னா அழிச்சிடுவேன். முழுசாப் புரட்டினா படிக்க நேரம் இல்லை.”

எனக்குத் தெரியவில்லை. விற்பதற்கு முன் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஞாபகத்திலிருந்து ‘ஷாஃப்ட்டுல பாருங்க, கீ-வேல பாருங்க’ என்று வழிசொல்ல, அந்தப் பக்கம் ரப்பர் தேய்க்கும் சத்தம் போனிலேயே கேட்டது. நடுவில், “ஸ்பிரிங் டேபிள்ல பேனாவால எழுதியிருக்கீங்களே அண்ணா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காலையில் டிபார்ட்மென்ட் லைப்ரரியிலிருந்து வேறொரு டேட்டா புக் வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு தெரிந்தது.

முந்நூறையும் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். “நூறு போதும்ணா. அந்த ஒரு பக்கத்தை வெட்டிட்டு ஜெராக்ஸ் ஒட்டிக்கறேன். அடுத்த செமஸ்டருக்கும் இது வேணும்” என்றார். பேனாவால் எழுதிய ஒரு பக்கத்துக்கும், ஒரு ராத்திரித் தூக்கத்துக்கும் சேர்த்து நூறு ரூபாய். என்னைவிட நன்றாக விலை போடத் தெரிந்த பெண்.

அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது. காரின் கோளாறு விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் காருக்கும் குறைத்தே கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டே போய்விடுவான் என்பது சாரம். நான் ‘நல்ல நிலை’ என்று போட்டபோதெல்லாம் வந்தவர்கள் ஏன் எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்டார்கள் என்பது இதைப் படித்தபோதுதான் விளங்கியது. எல்லோரும் ‘நல்ல நிலை’ என்றுதான் போடுகிறார்கள். என்னைப் போன்ற நாலு பேரிடம் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு குறைகளைப் பக்க எண்ணோடு எழுத ஆரம்பித்தேன். முதுகைத் தனியாகப் படம் எடுத்தேன், மோசமான பக்கத்தையும் எடுத்தேன். ரெகுலேஷன் எது என்பதை முதல் வரியில் போட்டேன். பேரம் நிற்கவில்லை, ஆனால் ‘உள்ளே எப்படி இருக்கும் அண்ணா’ என்ற விசாரணை நின்றது, புத்தகமும் சீக்கிரம் போனது. ரெகுலேஷன் மாறிய புத்தகங்கள் மட்டும் எந்த உண்மைக்கும் மசியவில்லை. அவை கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குப் போயின.

கடைசியாக விற்றது ஹீட் டிரான்ஸ்ஃபர். ‘பேனாக் கோடு முதல் இரண்டு யூனிட் முழுக்க. பக்கம் 214-இல் சாம்பார் கறை, எழுத்து தெரியும். 250 ரூபாய்’ என்று போட்டிருந்தேன். அரை மணியில் ஒரு பையன் வந்தான்.

“சாம்பார் வாசனை வருமா அண்ணா?”

முகர்ந்து பார்த்தேன். லேசாக வந்தது. வரும் என்றேன்.

“அப்ப 230 பண்ணுங்க.”

பண்ணினேன்.