ஜாதகமா, ரெஸ்யூமா?

இன்ஜினீயரிங் முடித்த தம்பியின் ரெஸ்யூமில் அப்பா பெயர், மதம், திருமண நிலை, 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து எல்லாம் இருக்கும். நட்சத்திரம் மட்டும்தான் பாக்கி. உச்சியில், 'சவாலான சூழலில் நானும் வளர்ந்து நிறுவனத்தையும் வளர்ப்பேன்' என்றொரு குறிக்கோள். சீனியர் கொடுத்தது, அவருக்கு அவருடைய சீனியர்.

இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குக்குப் பக்கத்தில், ஒற்றை வரி பதுங்கியிருக்கும்: 'ப்ராஜெக்ட்: நூலக மேலாண்மை'. இன்னும் வேலைக்கே போகாதவர் காட்டுவதற்கு இருப்பது அது ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்து செய்ததில் தம்பி செய்தது எது? 'தாமதமாகத் திரும்பும் புத்தகத்துக்கு அபராதம் கணக்கிடும் பகுதியை பைத்தானில் எழுதினேன். விடுமுறை நாளுக்கும் அபராதம் விழுந்தது, திருத்தினேன்' என்று எழுதினால், நேர்முகத்தில் எதிரே இருப்பவருக்குக் கேட்க ஏதாவது கிடைக்கும். (ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இந்த வம்புக்குப் போக வேண்டாம்.)

அந்த ப்ராஜெக்டை முதல் பக்கத்தில், படிப்புக்கு அடுத்து ஏற்றுங்கள். இடம் போதாதென்றால் மதத்தையும் உறுதிமொழியையும் எடுத்துவிடுங்கள். அனுப்பும் முன் கோப்பின் பெயரையும் ஒருமுறை பாருங்கள்: `resume_final_new3.pdf` என்பது உங்கள் பெயர் அல்ல.