கந்தகமும் போரானும்: கேள்வி-பதில்

ஏக்கர் கணக்கில் நிலக்கடலை போடுகிறேன். மண் பரிசோதனையில் கந்தகம் 6 பிபிஎம், போரான் 0.3 பிபிஎம். கந்தகம் இருபது மடங்கு இருக்கிறதே, போரான் மட்டும் போட்டால் போதாதா?

யானையும் எறும்பும் ஒரே தட்டிலா சாப்பிடுகின்றன? ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் எல்லைக்கோடு கந்தகத்துக்கு 10, போரானுக்கு 0.58. உங்கள் மண்ணில் இரண்டுமே பற்றாக்குறை.

அங்கே பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 30 கிலோ கந்தகம், அரை கிலோ போரான். 15 சதவீதக் கந்தகமுள்ள ஜிப்சம் என்றால் உங்கள் ஏக்கருக்கு 80 கிலோ. 20 சதவீதப் போரான் உரம் என்றால் ஒரே ஒரு கிலோ. ஜிப்சத்தில் வரும் சுண்ணாம்புச்சத்து காய் திரளவும் உதவும்.

ஒரு கிலோ போரான் உரத்துக்கே பலன் என்றால், ஐந்து கிலோ போட்டால்?

பலன் இலை ஓரத்தில் தெரியும், கருகலாக! பற்றாக்குறைக்கும் நச்சுக்கும் நடுவே போரானுக்கு இடைவெளி மிகக் குறைவு. அளவு சரியாக இருந்தாலும் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே பயிர் கருகும். அந்த ஒரு கிலோவை மணலிலோ தொழு உரத்திலோ நன்றாகக் கலந்து, ஏக்கர் முழுக்கச் சீராகத் தூவுங்கள். பற்றாக்குறை தீர்ந்ததா என்று அறுவடையில் பருப்பைப் பிளந்து பாருங்கள்: நடுவில் குழிந்து பழுப்பேறியிருந்தால் போரான் இன்னும் போதவில்லை. அடுத்த அளவை மறுபரிசோதனை செய்த பிறகே முடிவு செய்யுங்கள்.